வியர்வைக் கறையும் நிழற்படத் திருத்தமும்

வெளிர்நீலச் சட்டை அணிந்த ஒருவரின் நிழற்படத்தில், அக்குள் அருகே வியர்வைக் கறை தெரிகிறது எனக் கொள்வோம். நூலிழைகளின் இடைவெளியை நீர் நிரப்புவதால் ஒளிச்சிதறல் குறைந்து, ஈரத்துணி கருமையாகத் தோன்றுகிறது. ஆயினும் நெசவும் மடிப்பும் அங்கே அழிவதில்லை. எனவே, ஒளியளவைச் சமன்செய்வதே முதற்பணி.

ஃபோட்டோஷாப் மென்பொருளில் Curves அடுக்கு ஒன்றைச் சேர்த்து, அதன் மறைப்பைக் கறுப்பாக்கி, கறையின்மீது மட்டும் மென்மையான தூரிகையால் வெண்மை தீட்டவேண்டும். பின்னர், அருகிலுள்ள உலர்ந்த துணியின் ஒளியளவை எட்டும்வரை வளைகோட்டை உயர்த்தவேண்டும். மடிப்பின் இயல்பான நிழலையும் சேர்த்து நீக்கினால் சட்டை தட்டையாகிவிடும்.

கறையின் ஓரத்தில் எஞ்சும் கருங்கோட்டிற்கே Clone Stamp கருவி தேவைப்படுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக வெற்றடுக்கு ஒன்றை அமைத்து, Sample பட்டியலில் Current & Below என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதே மடிப்பில், ஒத்த ஒளி விழும் உலர்ந்த இடத்தை Alt விசையை அழுத்தியவாறு சொடுக்கி, அதனைக் கோட்டின்மீது பதிக்கவேண்டும். வேறு மடிப்பிலிருந்து எடுத்தால் நெசவின் திசை மாறித் திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இறுதியாக, Black & White அடுக்கைத் தற்காலிகமாக மேலே வைத்துப் பார்க்கலாம். நிறம் நீங்கியதும் ஒளியளவின் வேறுபாடு எஞ்சியிருந்தால் அது தெளிவாகப் புலப்படும்.