ஃபேக்டோரியோ ஏன் கணினியைத் திணறடிக்கிறது?

செக் நாட்டின் வூபே சாஃப்ட்வேர் 2020-ல் முழுமையாக வெளியிட்ட ஃபேக்டோரியோவில் முப்பரிமாண ஜாலம் எதுவும் இல்லை. மேலிருந்து பார்க்கும் தட்டையான படங்கள்தான்: கன்வேயர் பெல்ட், உலை, பொருளை எடுத்து வைக்கும் இயந்திரக் கை. ஆனால் தொழிற்சாலை பெருகப் பெருக, விலையுயர்ந்த கணினியும் ஒரு கட்டத்தில் தடுமாறும். புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் தீராது. சிக்கல் படம் வரைவதில் இல்லை.

இந்த விளையாட்டு தன் உலகத்தை நொடிக்கு 60 முறை கணக்கிடுகிறது. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. கண்ணுக்குத் தெரியாத மூலையில் உள்ள உலையும் அந்தச் சுற்றில் அடக்கம். அது உருக்கித் தராவிட்டால் இங்கே பெல்ட் காலியாகிவிடும்.

ஒவ்வொரு கைக்குமான கணக்கு மிக எளிது. நேரத்தைத் தின்பது, அந்தக் கையின் விவரத்தை ரேமிலிருந்து கொண்டுவரும் காத்திருப்பு. ஒருமுறை போய்வரச் சுமார் 80 நானோநொடி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் ஒரு சுற்றில் ஏறக்குறைய இரண்டு லட்சம் முறைதான் முடியும். கை, பெல்ட், பெட்டி என ஒவ்வொரு கைக்கும் நான்கு இடங்களைப் பார்க்க நேர்ந்தால், ஐம்பதாயிரம் கைகளிலேயே நேரம் தீர்ந்துவிடும்.

பிராசஸரின் எல்லா கோர்களுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஒரு பெட்டியில் மிச்சமிருக்கும் ஒரே இரும்புத் தகட்டை இரண்டு கைகள் ஒரே சமயம் எடுக்க வந்தால் யாருக்குக் கிடைக்கும்? பலர் சேர்ந்து ஆடும்போது எல்லாருடைய கணினியிலும் ஒரே விடை வந்தாக வேண்டும். அதனால் பல வேலைகளை வரிசை மாறாமல்தான் செய்ய முடிகிறது.

வூபே கண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பெல்ட் விஷயம். பெல்ட்டில் உள்ள ஒவ்வொரு பொருளின் இடத்தையும் குறித்துவைக்காமல், பொருள்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வரிசை முழுதும் நகரும்போது உள்ளே உள்ள தூரங்கள் மாறுவதில்லை. முதல் பொருளின் கணக்கைத் திருத்தினால் போதும். நீளமான பெல்ட்டும் ஒரே ஒரு எண்ணின் வேலையாகிவிடுகிறது.

உங்கள் கணினியில் தடை எங்கே என்று அறிய, F4 அழுத்தி `show-fps`, `show-time-usage` இரண்டையும் தேர்ந்தெடுங்கள். UPS 60-லேயே நின்று FPS மட்டும் குறைந்தால் கிராபிக்ஸ் பக்கம் பாருங்கள். UPS-உம் சரிந்து, Update நேரம் 16.7-ஐத் தாண்டினால் உலகக் கணக்குதான் சுமை. UPS 30 ஆனால் விளையாட்டின் கடிகாரமே பாதி வேகத்தில் ஓடும். ஒரு மணி நேர உற்பத்திக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

2022-ல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி இங்கே பெயர் வாங்கியது இதனால்தான். அதன் வேகம் முந்தைய 5800எக்ஸைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் பிராசஸருக்குள்ளேயே உள்ள கேஷ் நினைவகம் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆனது. ரேமுக்கு ஓடும் பயணங்கள் குறைந்தன. தொழிற்சாலை அந்த 96 எம்பியையும் மீறி வளர்ந்துவிட்டால் இந்த அனுகூலமும் சுருங்கத் தொடங்கும்.