டெம்பர்டு கிளாஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை

திரை உடைந்த போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், அந்தப் படத்தில் விரிசல் தெரியாது. போன் தன் திரைக்கு அனுப்பும் படத்தைத்தான் ஸ்கிரீன்ஷாட் பதிவு செய்கிறது. விரிசலோ அதற்கு மேலே உள்ள கண்ணாடியில் இருக்கிறது. உடைந்த திரையைப் படமாக்க நிலைக்கண்ணாடி முன் நின்று முன்பக்க கேமராவில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரின் போனைக் கேட்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவரின் போனில் எடுப்பதானால், உடைந்த திரையை அணைத்துவிடுவது நல்லது. வெளிச்சமான திரையில் மெல்லிய கோடுகள் மறைந்துபோகும். திரை கறுப்பாக இருந்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால், அடிபட்ட மூலையிலிருந்து கிளம்பிப் பரவும் ஒவ்வொரு விரிசலும் பளிச்சென்று தெரியும். வந்து நிற்கும் மெசேஜும் ஓடிபி எண்ணும் ஊருக்கே தெரிந்துவிடாமல் இருக்கவும் இதுவே வழி.

படம் தயார். இனி அதற்குக் கீழே என்ன எழுதுவது?

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் மெக்ரா என்ற ஆய்வாளர், எதைக் கண்டு மனிதர்கள் சிரிக்கிறார்கள் என்பதைத் தன் சகாக்களுடன் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். ஏதோ ஒன்று தப்பாகப் போயிருக்க வேண்டும், அதே சமயம் அதனால் பெரிய கேடு இல்லை என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது சிரிப்பு வருகிறது என்பது அவர்களுடைய விளக்கம். 2012-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு ஒன்று, விபத்து நடந்து எவ்வளவு காலமாகிறது என்பதைச் சோதித்தது. கார் மோதிய கதை, நேற்று நடந்ததாகச் சொல்வதைவிட ஐந்து வருடங்களுக்கு முன் நடந்ததாகச் சொன்னால்தான் சிரிப்பை வரவழைத்தது. கால் விரலை இடித்துக்கொண்ட கதையோ அப்படியே தலைகீழ். நேற்று இடித்துக்கொண்டது வேடிக்கை. ஐந்து வருடத்துக்கு முன் இடித்துக்கொண்டதில் யாருக்கு என்ன சுவாரசியம்?

போன் திரை உடைவது பெரும்பாலும் இந்தக் கால்விரல் ரகம். அன்று மாலையே எழுதினால் சிரிப்பு வரும். அடுத்த மாதம் எழுதினால் அது வெறும் பழைய செய்தி.

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொண்டு, கேப்ஷன் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். ஒருவர் புது போன் வாங்குகிறார். கூடவே திரைக்கு மேல் ஒட்ட டெம்பர்டு கிளாஸும் வாங்குகிறார். தூசு படாமல் ஞாயிற்றுக்கிழமை நிதானமாக ஒட்டிக்கொள்ளலாம் என்று டப்பாவோடு மேஜையில் வைத்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை மாலை, செருப்பை எடுக்கக் குனிகிறார். சட்டைப் பையிலிருந்து நழுவிய போன் சிமென்ட் தரையில் வலது மூலை மோதி விழுகிறது.

அவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “போன் கீழே விழுந்து உடைஞ்சிடுச்சு. ரொம்ப வருத்தமா இருக்கு.” இதைப் படம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. படிப்பவருக்கு ஆறுதல் சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அடுத்து அவருக்குத் தோன்றுவது, “ஸ்பைடர்மேன் வந்துட்டுப் போனாரு” என்பதாக இருக்கலாம். விரிசலைப் பார்த்ததும் சிலந்தி வலை எல்லார் மனதிலும் வரும். மார்கழிக் கோலமும் பஸ் ரூட் மேப்பும்கூட வரும். பார்த்தவுடன் படிப்பவருக்கே தோன்றிவிடும் ஒப்புமையில் வியப்பு இருக்காது. உலகத்தில் உடைந்த எந்தப் போனுக்கும் அது பொருந்தும் என்பது இன்னொரு குறை.

இந்தப் போனுக்கு மட்டுமே உரிய விஷயம் அந்த டப்பாதான். அதைப் பிடித்துக்கொண்டால் மூன்றாவது வடிவம் கிடைக்கிறது: “டெம்பர்டு கிளாஸ் வாங்கியும் போன் உடைஞ்சிடுச்சு, ஏன்னா அதை இன்னும் டப்பாவுலேர்ந்து எடுக்கவே இல்லை.” சரக்கு வந்துவிட்டது, ஆனால் ‘ஏன்னா’ என்ற சொல் காரணத்தை விளக்கிக் காட்டிவிடுகிறது. படிப்பவர் தானே கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது அதையே பிரித்து எழுதலாம்: “டெம்பர்டு கிளாஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பத்திரமா இருக்கு, டப்பாவுல.”

படத்தில் திரை நொறுங்கிக் கிடக்கிறது. முதல் வாக்கியம் கீறல் இல்லை என்கிறது. மேலே ஒட்டிய கிளாஸ் தப்பித்து, உள்ளே இருக்கும் திரை உடைவதும் சில சமயம் நடப்பதுதான். அப்படித்தான் ஆகியிருக்கும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். கடைசிச் சொல்லில் அந்த நினைப்பு புரண்டுவிடுகிறது. இங்கே பேச்சுத் தமிழ் பெரிய உதவி செய்கிறது. எழுத்துத் தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடியும்; பேச்சிலோ ‘இருக்கு’ என்று முடித்த பிறகும் ஒரு சொல்லைப் பின்னால் சேர்க்கலாம். புரட்டிப் போடும் சொல்லுக்கு அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. “டப்பாவுல பத்திரமா இருக்கு” என்று எழுதிப் பார்த்தால், குட்டு இரண்டு சொல் முன்னாலேயே உடைந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வழி, சின்ன விபத்தைப் பெரிய செய்தியாக்குவது. அதன் முழு வீச்சையும் 2019 மே மாத இறுதியில் தமிழர்கள் உலகத்துக்கே காட்டினார்கள். பேஸ்புக்கில் சிவில் இன்ஜினியரிங் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும் காட்சியை நிஜச் சம்பவம் போலவே ஒருவர் பதிலில் எழுதினார். விவரம் தெரியாத இன்னொருவர், அவர் இப்போது நலமா என்று கேட்டார். அவ்வளவுதான், நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் டிரெண்ட் ஆனது. 2001-இல் வந்த படத்தின் ஒரு காட்சிக்கு 18 ஆண்டுகள் கழித்து உடல்நிலை அறிக்கைகள் வந்தன. எழுதியவர்கள் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் செய்தி நடையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பதே அதன் பலம்.

நம்மவர் போனுக்கும் அது பொருந்தும்: “இன்று மாலை சட்டைப் பையிலிருந்து தவறி விழுந்த போனுக்கு வலது மூலையில் பலத்த அடி. நினைவு திரும்பியுள்ளது. தொட்டால் அடையாளம் கண்டுகொள்கிறது. உறவினர்கள் சார்ஜருடன் காத்திருக்கின்றனர்.” மாலை, சட்டைப் பை, வலது மூலை எல்லாம் நடந்த விவரங்கள், அவை இருப்பதால்தான் அறிக்கை நிஜம்போல் ஒலிக்கிறது. கடைசியில் ‘ஹா ஹா’ என்று சேர்த்தால் மொத்தமும் குலைந்துவிடும்.

இரண்டுமே போனின் சொந்தக்காரர் தன்னைப் பற்றித் தானே எழுதுபவை. குழந்தை கைதவறிப் போட்ட போன் என்றால், அந்தக் குழந்தையைக் கேலிப்பொருளாக்கும் கேப்ஷன் வீட்டுக்குள் ஒருவரை அழவைக்கும். உணவு டெலிவரி செய்பவரின் போன் உடைந்தால், அன்றைய வேலையே நின்றுபோகலாம். அந்தப் படத்துக்கு நண்பர்கள் முந்திக்கொண்டு எழுதக் கூடாது. அவராக எழுதினால் சேர்ந்து சிரிக்கலாம்.

சேதம் எவ்வளவு என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். படம் சுத்தமாகத் தெரிந்து, தொடுவதும் எல்லா இடத்திலும் வேலை செய்தால், பெரும்பாலும் மேல் கண்ணாடியோடு போயிற்று. விரலைக் கிழிக்காமலிருக்க அகலமான டேப் ஒன்றை ஒட்டிவிட்டு, தாராளமாகக் கேப்ஷன் யோசிக்கலாம். மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு பரவினாலோ, வண்ணக் கோடுகள் ஓடினாலோ, உள்ளே இருக்கும் டிஸ்ப்ளே பேனலே உடைந்திருக்கிறது. பல போன்களில் கண்ணாடியும் பேனலும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. மாற்றினால் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும், செலவும் போன் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அப்போது விஷயம் கால்விரலிலிருந்து கார் விபத்தின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. கடைக்காரர் விலை சொன்ன கையோடு போடும் கேப்ஷனில் புலம்பல்தான் மிஞ்சும். போட்டோ பத்திரமாக இருக்கட்டும். பணம் கட்டி முடித்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.