கடனை அடைத்த பிறகும் கணக்கில் பணம் போகிறதா? மேண்டேட்டை ரத்து செய்யும் முறை

மூன்று வருடத் தவணையில் பைக் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை 4,350 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். இருபதாவது மாதத்தில் கையில் பணம் சேர்ந்ததும் மீதிக் கடன் முழுவதையும் ஒரே தடவையில் கட்டிவிடுகிறார். நிதி நிறுவனம் ரசீதும் தடையில்லாச் சான்றும் கொடுக்கிறது. அடுத்த மாதம் 5ஆம் தேதி மறுபடியும் 4,350 ரூபாய் பிடிக்கப்படுகிறது.

வங்கிக்குப் போய்க் கேட்டால், "உங்கள் மேண்டேட் உயிரோடு இருக்கிறது, அதனால் பணம் போனது" என்பார்கள். வங்கியைப் பொறுத்தவரை அது சரியான பதில்தான்.

வங்கி எதைப் பார்க்கிறது?

கடன் வாங்கும்போது நாம் கையெழுத்திடுவது இரண்டு தனித்தனி உறுதிகளில். ஒன்று, நிறுவனத்துடனான கடன் ஒப்பந்தம். மற்றொன்று, நம் வங்கிக்கு நாம் தரும் மேண்டேட், அதாவது இந்த நிறுவனம் கேட்கும்போது என் கணக்கிலிருந்து பணம் கொடுக்கலாம் என்ற அனுமதி. இந்த அனுமதி, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நடத்தும் 'நாச்' அமைப்பில் பதிவாகிறது. பழைய வழக்கப்படி இதை இன்னும் இ.சி.எஸ். என்று சொல்பவர்களும் உண்டு.

தவணைத் தேதி நெருங்கும்போது நிறுவனம் வசூலிக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தன் வங்கி வழியாக நாச் அமைப்புக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது நம் வங்கிக்கு வருகிறது. நம் வங்கி பார்ப்பதெல்லாம் இவ்வளவுதான்: இந்த எண்ணுள்ள மேண்டேட் நடப்பில் இருக்கிறதா, கேட்கும் தொகை அதில் எழுதிய உச்சவரம்புக்குள் இருக்கிறதா, காலம் முடியாமல் இருக்கிறதா, கணக்கில் பணம் இருக்கிறதா. கடன் அடைந்துவிட்டதா என்பது அதற்குத் தெரியாது.

உச்சவரம்பையும் காலத்தையும் கவனிக்க வேண்டும். தவணை 4,350 ரூபாய் என்றாலும், அபராதத்தையும் சேர்த்து வசூலிக்க வசதியாக மேண்டேட்டில் 8,700 ரூபாய் வரை என்று எழுதப்பட்டிருக்கலாம். முடிவுத் தேதியும் கடைசித் தவணையைத் தாண்டிப் பல வருடங்கள் நீண்டிருக்கலாம். ரத்து செய்யாமல் விட்டால் அவ்வளவு காலமும் அந்த வாசல் திறந்தே இருக்கும்.

கணக்கைக் காலி செய்வது வழியல்ல

பலரும் முதலில் செய்வது, 4ஆம் தேதியே பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவது. அப்படிச் செய்தால் மேண்டேட் அழியாது. தவணை 'பவுன்ஸ்' ஆகும். ஒவ்வொரு பவுன்சுக்கும் வங்கி கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும். நிறுவனத்துக்கு உண்மையிலேயே பாக்கி இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. பணம் இல்லாமல் மின்னணுப் பரிமாற்றம் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு அமைப்புகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு, காசோலை திரும்பியதைப் போலவே அதையும் குற்றமாகப் பார்க்கிறது.

'ஸ்டாப் பேமென்ட்' கேட்பதும் போதாது. அது பெரும்பாலும் ஒரு தவணையை மட்டும் நிறுத்தும். அடுத்த மாதம் அதே மேண்டேட்டின் பேரில் மறுபடி கோரிக்கை வரும். கேட்க வேண்டியது மேண்டேட் ரத்து.

கடிதத்தில் என்ன எழுதுவது?

முதலில் மேண்டேட்டின் அடையாள எண் வேண்டும். யு.எம்.ஆர்.என். எனப்படும் அது எழுத்தும் எண்ணும் கலந்து 20 இடங்கள் கொண்டது. நெட்பேங்கிங்கில் மேண்டேட் பட்டியலில் அல்லது பதிவானபோது வந்த குறுஞ்செய்தியில் கிடைக்கலாம். இல்லையென்றால், பாஸ்புக்கில் ACH அல்லது NACH என்ற எழுத்துகளோடு உள்ள வரியைக் காட்டினால் கிளையில் எடுத்துத் தருவார்கள். பிறகு கிளை மேலாளருக்கு இப்படி எழுதலாம்:

"எனது … எண் சேமிப்புக் கணக்கில் … நிறுவனத்தின் பெயரில் பதிவாகியுள்ள, … என்ற யு.எம்.ஆர்.என். கொண்ட நாச் மேண்டேட்டை நிரந்தரமாக ரத்து செய்யக் கோருகிறேன். ஒரு தவணையை மட்டும் நிறுத்தும் கோரிக்கை அல்ல இது. இந்தக் கடன் … தேதியில் முழுமையாக அடைக்கப்பட்டது. தடையில்லாச் சான்றின் நகல் இணைத்துள்ளேன். ரத்து செய்த தேதியை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். வங்கியில் பதிவான மின்னஞ்சலிலிருந்தும் அதையே அனுப்பிவைப்பது நல்லது. நெட்பேங்கிங்கிலேயே ரத்து செய்யும் வசதி இருந்தாலும், அந்தத் திரையின் படத்தோடு இந்தக் கடிதமும் இருக்கட்டும். பணம் மறுபடி போனால், எந்தத் தேதியில் வங்கிக்குத் தெரிவித்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

"நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்று கவுண்டரில் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. அப்போது மேண்டேட் படிவத்தையே காட்டலாம். நாம் கையெழுத்திட்ட இடத்துக்கு அருகில், சின்ன எழுத்தில் உள்ள உறுதிமொழி, ரத்து கோரிக்கையை நிறுவனத்திடமோ பணம் பிடிக்கும் வங்கியிடமோ கொடுக்க நமக்கு உரிமை உண்டு என்கிறது. நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எப்போது கொடுப்பது?

வசூல் பட்டியல் தவணைத் தேதிக்குச் சில நாட்கள் முன்பே புறப்பட்டுவிடக்கூடும். 3ஆம் தேதி கடனை அடைத்து 4ஆம் தேதி கடிதம் கொடுத்தால், 5ஆம் தேதி பிடித்தம் நடந்துவிடலாம். அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது நிறுவனம். ஆகவே கடனை அடைத்த உடனே, அடுத்த தவணைக்குக் குறைந்தது ஒரு வாரம் இருக்கும்படி கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மேண்டேட்டின் நிலை 'ரத்து' என்று மாறியதா என்று பார்த்து, அடுத்த தவணைத் தேதியிலும் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

கடன் முடியாமல் ரத்து செய்தால்

மேண்டேட்டை ரத்து செய்வதால் கடன் தீராது. பயிற்சி வகுப்புகளில் சேர்ந்தவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். வகுப்பிலிருந்து விலகிவிட்டோம் என்று மேண்டேட்டை ரத்து செய்வார்கள். கட்டணத்துக்காக அவர்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுக்கப்பட்டிருந்தால், அந்த ஒப்பந்தம் அப்படியே நிற்கும். தாமத அபராதம் ஏறும். கடன் மதிப்பெண் குறையும். அத்தகைய இடத்தில் கடன் முடிந்ததென்று நிதி நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே வங்கிக்குப் போக வேண்டும்.

கடன் முடிந்து, மேண்டேட் ரத்தும் கேட்ட பிறகு பணம் போனால், முத்திரையிட்ட நகலை இணைத்து வங்கியில் எழுத்துமூலம் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே உங்கள் பக்கம் பேசப்போவது இரண்டு தாள்கள்: கடன் முடிந்ததற்கான சான்றும், ரத்து கேட்ட கடிதத்தின் முத்திரையிட்ட நகலும்.