நான்கு பைட், ஒரே எண், இரண்டு வரிசை

ஒரு செயலி சர்வருக்குச் செய்தி அனுப்பும் முன், 'அடுத்து 300 பைட் வருகிறது' என்று நீளத்தைச் சொல்லிவிடுவது வழக்கம். அந்த நீளத்துக்குப் பெரும்பாலும் நான்கு பைட் ஒதுக்குவார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். எனவே 300-ஐ 256-ஆல் வகுக்க வேண்டும்: ஈவு 1, மீதி 44. மேலே உள்ள இரண்டு பைட்டுகளும் பூஜ்யம். ஆக 0, 0, 1, 44.

பெரிய இடமதிப்பை முதலில் அனுப்பினால் அது பிக் எண்டியன். சிறியதை முதலில் அனுப்பி 44, 1, 0, 0 என்று போனால் லிட்டில் எண்டியன். இரண்டுமே சரிதான். அனுப்புபவர் ஒன்றும் பெறுபவர் மற்றொன்றும் என்று வைத்துக்கொண்டால்தான் வினை. 300 என்று அனுப்பியது மறுமுனையில் 73,82,63,040 ஆகிவிடும். 73 கோடி பைட் வரும் என்று சர்வர் காத்துக் கிடக்கும், அல்லது அத்தனை நினைவகத்தைக் கேட்டு விழுந்துவிடும். சின்ன எண் திடீரென்று கோடிகளில் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பைட் வரிசையைத்தான்.

பைட்டுகளை எண்ணாக்க, ஒவ்வொன்றையும் அதன் இடத்துக்கு நகர்த்திச் சேர்க்க வேண்டும். பைத்தானில், பிக் எண்டியன் வரிசைக்கு:

```python
n = b[0]<<24 | b[1]<<16 | b[2]<<8 | b[3]
b = bytes([n>>24 & 255, n>>16 & 255,
           n>>8 & 255, n & 255])
```

எட்டு பிட் நகர்த்துவது 256-ஆல் பெருக்குவதற்குச் சமம். இந்த முறை எண்ணின் மதிப்பை மட்டுமே பார்ப்பதால், எந்தக் கணினியிலும் ஒரே விடை வரும். இன்டெல், ஏஎம்டி சிப்புகள் நினைவகத்தில் லிட்டில் எண்டியனாக வைப்பவை. நினைவகத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பினால் அந்த வரிசையும் கூடவே போய்விடும்.

ஜாவாவில் இன்னொரு பொறி உண்டு. அங்கே பைட்டின் எல்லை −128 முதல் 127 வரை. அதனால் 200 என்ற பைட் −56 ஆகத் தெரியும். சேர்க்கும் முன் ஒவ்வொரு பைட்டையும் `& 0xFF` செய்யாவிட்டால் மொத்த எண்ணும் கெடும்.

புதிய புரோட்டோகாலுக்கு எதைத் தேர்வது? இணையத்தின் ஐபி, டிசிபி தலைப்புகள் பிக் எண்டியன். ப்ளூடூத்தும் பிஎம்பி படக் கோப்பும் லிட்டில் எண்டியன். இந்தச் சண்டை வேண்டாம், ஏதாவது ஒன்றில் உடன்படுங்கள் என்று டேனி கோஹன் 1980-லேயே எழுதினார். ஏற்கெனவே உள்ள ஒரு புரோட்டோகாலோடு சேர்ந்து இயங்குவதாக இருந்தால் அதன் வரிசையையே பின்பற்றலாம். இல்லையென்றால் பிக் எண்டியனை எடுக்கலாம். ஹெக்ஸ் டம்ப்பில் 300 என்பது `00 00 01 2c` என்று நாம் எழுதும் வரிசையிலேயே தெரியும்.

எதை எடுத்தாலும் அதை விவரக்குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். சோதிக்கும்போது எண்ணைப் பைட்டாக்கி, திரும்ப எண்ணாக்கிப் பார்த்தால் மட்டும் போதாது. இரு பக்கமும் ஒரே தவறைச் செய்தாலும் விடை சரியாகவே வரும். 16909060 என்ற எண்ணைக் கொடுங்கள். வெளியே வரும் பைட்டுகள் `01 02 03 04` என்றால் பிக் எண்டியன், `04 03 02 01` என்றால் லிட்டில் எண்டியன்.