புத்தகம் வந்தது, எழுவாய் யார்?

‘ஷி வாஸ் கிவன் எ புக்’. ‘எ புக் வாஸ் கிவன் டு ஹெர்’. ஆங்கிலத்தில் இரண்டுமே சரி. கொடுப்பதில் பொருள் ஒன்று, பெறுபவர் ஒருவர் என இருவகைச் செயப்படுபொருள் உண்டு. செயப்பாட்டு வினையாக மாற்றும்போது எதை வேண்டுமானாலும் எழுவாய் ஆக்கலாம்.

தமிழில் அது நடக்காது. ‘அவளுக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது’ என்போம். ‘அவள் புத்தகம் கொடுக்கப்பட்டாள்’ என்றால் காது கூசும். ‘கு’ உருபு பெற்றவர் அப்படியே நிற்பார், எழுவாய் ஆகமாட்டார். புத்தகத்தைப் பன்மையாக்கிப் பாருங்கள். ‘அவளுக்கு இரண்டு புத்தகங்கள் கொடுக்கப்பட்டன’: வினை புத்தகங்களோடு ஒத்துப்போகிறது. ஆங்கிலத்திலோ ‘ஷி வாஸ் கிவன் டூ புக்ஸ்’. புத்தகம் இரண்டானாலும் ‘வாஸ்’ அசையவில்லை, ஏனென்றால் அது அவளோடு சேர்ந்தது. ஜெர்மனும் இதில் தமிழின் பக்கம்தான்.

ஆங்கிலம் எழுதும் நம்மவர் சறுக்குவது வேறொரு இடத்தில். ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ண்ட் த ரூல்’ என்பது பிழை. செய்வினையில் சோதித்தால் காரணம் தெரியும். ‘ஹி கேவ் ஹெர் எ புக்’ என்று ‘டு’ இல்லாமலே சொல்லலாம். ‘ஹி எக்ஸ்ப்ளெய்ண்ட் மி த ரூல்’ என்று சொல்ல முடியாது, ‘டு மி’ வேண்டும். ‘டு’ விலகாத வினைகளில் பெறுபவர் எழுவாய் இடத்துக்கு வரமாட்டார். அங்கே ‘த ரூல் வாஸ் எக்ஸ்ப்ளெய்ண்ட் டு மி’ ஒன்றே வழி. ‘செட்’, ‘சஜெஸ்டட்’ இரண்டும் இதே கட்சி. ‘டாட்’, ‘சென்ட்’, ‘ஆஃபர்ட்’ ஆகியவை ‘கிவன்’ கட்சி.