எடை அதே, உடல் வேறு: மாதவிடாய் நின்ற பிறகு தசைக்கு என்ன ஆகிறது?

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: “சாப்பாடு கூடவில்லை, எடையும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் பாவாடை நாடா எட்டவில்லை, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை.” கேட்பவர்கள் “வயசாகுதுல்ல” என்று முடித்துவிடுகிறார்கள். வயது ஒரு காரணம்தான். ஆனால் இடுப்பு பெருப்பதும் எழ முடியாமல் போவதும் தனித்தனிக் கோளாறுகள் அல்ல. கொழுப்பு கூடி, அதே காலத்தில் தசை குறைவதால் வருபவை. ஒன்று ஏறி மற்றது இறங்கும்போது எடை பார்க்கும் இயந்திரம் அதைக் காட்டிக்கொடுக்காது.

இதை அளந்து காட்டியது அமெரிக்காவின் ‘ஸ்வான்’ ஆய்வு. 1990-களின் நடுவில் தொடங்கி, நடுவயதுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு அது. உடலின் கொழுப்பையும் தசையையும் தனித்தனியே அளக்கும் ‘டெக்ஸா’ ஸ்கேன் விவரங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை சொன்னது இதுதான்: மாதவிடாய் முறைதவறத் தொடங்கும் காலத்தில் கொழுப்பு சேரும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, தசை முதலியவை அடங்கிய கொழுப்பில்லாத எடை குறையத் தொடங்குகிறது. கடைசி மாதவிடாய்க்குப் பின் சுமார் இரண்டு ஆண்டுகள் வரை இது தொடர்ந்து, பிறகு மட்டுப்படுகிறது. மொத்த எடையோ, முன்பு எந்த வேகத்தில் ஏறியதோ அதே வேகத்தில்தான் ஏறியது. எடையை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றியிருக்கும்.

அந்த ஸ்கேன் ஆய்வு இந்தியப் பெண்களைப் பற்றியது அல்ல. ஆனால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பி.எம்.ஐ. ஒன்றுதான்: 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவரும் ஆண்கள்தான். ஆனாலும் ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலில் தசை கம்மி, கொழுப்பு அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. அதாவது நம் பெண்கள் குறைவான தசை இருப்போடுதான் இந்தப் பருவத்துக்குள் நுழைகிறார்கள். நுழையும் வயதும் முந்தியது. மேற்கு நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51 என்றால், இந்தியாவில் 46, 47.

காரணம் என்ன? ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டுமான ஹார்மோன் அல்ல. உழைப்பில் தேய்ந்த தசை இழைகளைச் செப்பனிடும் செல்கள் குறையாமல் இருப்பதிலும், கொழுப்பு உடலில் எங்கே தங்க வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்குண்டு. அது இறங்கியதும் முன்பு தொடையிலும் இடுப்பிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. கூடவே வயதின் வேலையும் சேர்கிறது: இருபது வயதில் கொஞ்சம் புரதம் கிடைத்தாலே தசை கட்டத் தொடங்கும் உடல், வயது ஏற ஏற அதே அளவுக்கு அசைந்துகொடுப்பதில்லை. அதற்குக் கூடுதலாக, அதுவும் ஒரே வேளையில், புரதம் கிடைக்க வேண்டியிருக்கிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்கு, ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரேயடியாக வந்துவிடுகிறது.

தசை குறைகிறதா என்று அறிய ஸ்கேன் தேவையில்லை, ஒரு நாற்காலி போதும். சுவரோரம் கைப்பிடியில்லாத நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து நின்று உட்கார வேண்டும். வேறொருவர் பக்கத்தில் நின்று நேரம் பார்க்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத் திறன் குறைவாக இருக்கலாம் என்று, தசை இழப்பு குறித்த ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை கொள்கிறது. மூட்டு வலியால் தாமதமானால் அது வேறு கணக்கு. அப்படிப்பட்டவர்களுக்குக் கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி உண்டு, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் குறைவு. இந்த எண்கள் முக்கியமாக முதியவர்களுக்காக வகுத்தவை. ஐம்பது வயதிலேயே 12 வினாடியைத் தொடுகிறவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடவே ஒரு டேப்பை எடுத்து வயிற்றையும் அளந்து வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு எல்லை 80 சென்டிமீட்டர். ஜிம்மிலும் மருந்துக்கடையிலும் ஏறி நின்றால் ‘மசில்’ எத்தனை சதவீதம் என்று சீட்டு அடித்துத் தரும் இயந்திரங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அன்று குடித்த தண்ணீருக்கேற்ப அவற்றின் எண் மாறும்.

இனி தட்டுக்கு வருவோம். 52 வயது, 62 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். இவருக்கு அது 51 கிராம். மூப்பில் தசை காப்பதைப் பற்றி ஆராய்ந்த வல்லுநர் குழுக்கள் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை கேட்கின்றன. அப்படியானால் 62 முதல் 74.

அவர் சாப்பிடுவது நம் வீடுகளில் வழக்கமானதுதான். காலையில் காபி: 3 கிராம் புரதம். மூன்று இட்லி, சட்னி, கொஞ்சம் சாம்பார்: 8. மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, ஒரு கரண்டி சாம்பார், பொரியல், மோர்: 14. மாலைக் காபியும் இரண்டு பிஸ்கட்டும்: 4. இரவு இரண்டு தோசை, சட்னி: 8. கூட்டினால் 37. எண்கள் தோராயம்தான், வீட்டுக்கு வீடு சற்று மாறும். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டும் 51-ஐக்கூட இவர் தொடவில்லை. ஒரு வேளையிலும் 15 கிராமைத் தாண்டவும் இல்லை.

நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் உடனே வரும் பதில், “தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே”. சாம்பாரில் பருப்பு இருப்பது உண்மை. 100 கிராம் துவரம்பருப்பில் 21 கிராம் புரதம் உள்ளதும் உண்மை. ஆனால் குடும்பத்துக்கே ஒரு கைப்பிடி வேகவைத்து, புளித்தண்ணீரில் கரைத்து நீட்டினால், ஒருவர் தட்டுக்கு வருவது 10, 12 கிராம் பருப்பு. அதில் புரதம் இரண்டரை கிராம். சாம்பாரைப் புரத உணவாகக் கணக்கில் வைத்ததுதான் தமிழ்ச் சமையலறையின் பெரிய தப்புக்கணக்கு என்பேன்.

அதே பெண்ணின் தட்டை மாற்றிப் பார்க்கலாம். காலையில் இரண்டு இட்லியோடு இரண்டு முட்டை: 18 கிராம். முட்டை சாப்பிடாதவர்கள் 60 கிராம் பச்சைப்பயறு அரைத்த தோசை சுட்டால் அதிலேயே 14. மதியம் சோற்றை முக்கால் பங்காக்கி, 30 கிராம் பருப்பு போட்ட கெட்டிக் கூட்டு, பொரியல், மோருக்குப் பதில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர்: ஏறத்தாழ 20. மாலையில் பிஸ்கட் போய், 30 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல்: காபியோடு 9. இரவு இரண்டு சப்பாத்தி, 25 கிராம் மீல்மேக்கர் போட்ட குருமா: 18. காலைக் காபியையும் சேர்த்தால் 68. அசைவக்காரர்கள் மீல்மேக்கரை விட்டுவிட்டு 100 கிராம் மீன் எடுத்துக்கொண்டால் அதிலேயே 18, 20 கிடைத்துவிடும். மொத்தம் மட்டுமல்ல, அது மூன்று வேளைக்கும் பரவியிருப்பதும் முக்கியம். காலையில் இட்லி மட்டும் தின்றுவிட்டு இரவில் ஒரு தட்டு சிக்கன் சாப்பிட்டால் கணக்கு சரியாகும், காலையிலும் மதியத்திலும் தசைக்குக் கிடைத்தது என்னவோ அற்பம்தான்.

அரிசியும் பருப்பும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பும். அரிசியில் குறைவான லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் விகிதம். பொங்கலும் அடையும் இதற்குப் பொருத்தமானவை, பருப்பைக் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டால். மால்ட் பானங்களைப் பற்றி ஒரு வார்த்தை: டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பலவற்றில் புரதத்தைவிடச் சர்க்கரை பல மடங்கு.

இவ்வளவும் செய்து, உடலுக்குச் சுமை கொடுக்காமல் விட்டால் பலன் சொற்பம். 1994-இல் பாஸ்டனில் உள்ள முதியோர் இல்லத்தில் மருத்துவர் மரியா ஃபியாடரோன் நூறு பேரிடம் இதைச் சோதித்தார். சராசரி வயது 87. பத்து வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை 113 சதவீதம் கூடியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமையில் குறிப்பிடும்படி எதுவும் கூடவில்லை.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, தசை வளர்க்க அது போதாது. வீட்டு வேலையும் அப்படித்தான்: தினமும் அதே குடம், அதே படி என்றால் உடல் பழகிவிடும், கூடுதலாகத் தசை கட்டாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகால் உயர்த்தி நிற்பது ஆகியவற்றை எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்யலாம். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பை. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: முதல் வாரத்தில் செய்ததையே ஆறு மாதம் கழித்தும் செய்துகொண்டிருப்பார்கள்.

வயிற்றைக் குறைக்க வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. பட்டினியில் இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்லாத பகுதி, அதில் தசையும் அடக்கம். திரும்ப ஏறும்போது வருவது பெரும்பாலும் கொழுப்பு. ஏற்கெனவே தசை இழக்கும் வயதில் இது நஷ்ட வியாபாரம்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீண்ட காலச் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள். முயற்சி இல்லாமலே எடை குறைந்தாலும், சில வாரங்களிலேயே பலவீனம் கூடினாலும் அதை மாதவிடாய் மேல் போட வேண்டாம். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு வருடம் நின்றுபோன பிறகு மீண்டும் ரத்தப்போக்கு வந்தால் தாமதிக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முட்டையும் மீன் துண்டும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போன பிறகு மிஞ்சுவதே அம்மாவுக்கு என்பது பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. மேலே போட்ட கணக்கு நடக்க வேண்டுமானால் அவர் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டுப் பரிமாறுங்கள்.