பத்தில் ஆறு பொருந்தினால் விண்ணப்பிக்கலாமா?

குளுவாங் நிறுவனமொன்றின் தொழிற்பயிற்சி விளம்பரத்தில் பத்துத் தகுதிகள், என்னிடம் ஆறு. எண்ணிக்கையை விட்டுவிட்டு, இல்லாத நான்கை மட்டும் பார்த்தேன். மூன்று, 'இருந்தால் நன்று' என்ற தலைப்பின்கீழ் இருந்தவை, அவை தடையல்ல. நான்காவதான கார் லைசென்ஸ் 'கட்டாயம்' பகுதியில் இருந்தது. வேலையே சிம்பாங் ரெங்கம், பத்து பகாட் கடைகளுக்குப் போய்வருவதுதான். இத்தகைய நிபந்தனை ஒன்று போதும், மற்ற ஒன்பதும் வீண். அரசாங்க வேலைகள் பலவற்றில் எஸ்.பி.எம். மலாய்மொழி கிரெடிட்டும் அப்படித்தான்.

ஆனால் எந்தத் தேதிக்குள் வேண்டும்? விளம்பரம் சொல்லவில்லை. மனிதவளப் பிரிவுக்கு அழைத்தேன்.

"வேலை தொடங்கும் நாளன்று பி லைசென்ஸ் கையில் இருந்தால் சரிம்மா."

என் ஓட்டுநர் தேர்வு அதற்கு மூன்று வாரம் முன்பே வருகிறது. தேர்வுத் தேதியைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதி அனுப்பிவிட்டேன்.